8 லட்சம் திருட்டு, 25 லட்சம் பாலிசி, கிளெய்ம் 5 லட்சம்: ஃபர்ஸ்ட் லாஸ் எடுத்த கடைக்காரர்கள் கவனத்துக்கு

இன்சூரன்ஸ் சர்வேயர் வேலையில் சில சண்டைகள் திரும்பத் திரும்ப வரும். அதில் எனக்கு மிகவும் அலுத்துப்போன சண்டை ஒன்று உண்டு. சமீபத்தில் மறுபடியும் அதே வந்தது, அதனால் இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன், இனி யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம்.

நெல்லைப் பக்கம் ஒரு எலக்ட்ரிகல், ஹார்டுவேர் கடை. முன்னால் கடை, பின்னால் அதோடு ஒட்டிய குடோன். பிவிசி பைப், சுவிட்ச் போர்டு, மோட்டார், பெயின்ட், ஒயர் எல்லாம் மலை மாதிரி கிடக்கும். ராத்திரி குடோன் கூரையில் தகர ஷீட்டைப் பிரித்து இறங்கி, உள்பக்கத் தாழ்ப்பாளைத் திறந்து, பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போனது செம்பு ஒயர் காயில் மட்டும். வேறு ஒரு பொருளைத் தொடவில்லை. தொட மாட்டார்கள், செம்புக்குத்தான் பழைய இரும்புக் கடையில் கேள்வி கேட்காமல் காசு கிடைக்கும்.

அண்ணாச்சியிடம் திருட்டுக்கான பாலிசி இருந்தது. ஃபர்ஸ்ட் லாஸ், 25 சதவீதம். மொத்தச் சரக்கு 1 கோடி என்று சொல்லி, அதில் 25 சதவீதம், அதாவது 25 லட்சம் வரம்பு. யோசனை தப்பே இல்லை. தீ பிடித்தால் கடை மொத்தமும் போகும், அதனால் தீ பாலிசியை முழு மதிப்புக்குத்தான் எடுக்க வேண்டும். திருடன் அப்படி இல்லை, பைப்பையும் சிமென்ட் ஷீட்டையும் ஒரே ராத்திரியில் அள்ளிக்கொண்டு போக முடியாது. போகாத சரக்குக்கெல்லாம் எதற்கு முழு பிரீமியம் என்று கேட்டுத்தான் இந்த ஏற்பாடே வந்தது.

ஒயர் காயிலை எண்ணிப் பார்த்ததில் ஏறக்குறைய 400 குறைந்தது. 90 மீட்டர் காயில், அந்தக் கடையின் கொள்முதல் விலை சராசரி 2,000 ரூபாய். 8 லட்சம். ஒரு காயில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 400 காயில் என்றால் முக்கால் டன், சரியாக ஒரு குட்டி யானை லோடு. திருட்டு நடந்தது உண்மை, அளவும் பொருந்துகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. (அவர் கொடுத்த கிளெய்ம் விற்பனை விலையில் இருந்தது. விற்காத சரக்கில் லாபம் கேட்கக் கூடாது அண்ணாச்சி என்று சொல்லிக் கொள்முதல் விலைக்குக் கொண்டு வந்தேன், அதற்கு ஒத்துக்கொண்டார்.)

அப்புறம்தான் வந்தது பிரச்சினை. என் ரிப்போர்ட்டில் நான் போட்டது 8 லட்சம் இல்லை, 5 லட்சம், அதிலும் எக்ஸஸ், அதாவது பாலிசி எடுத்தவரே ஏற்க வேண்டிய பங்கு, கழியும்.

"சார், 25 லட்சத்துக்குப் பாலிசி. போனது 8 லட்சம். எட்டு இருபத்தஞ்சுக்குள்ளதானே இருக்கு? எதுக்கு அஞ்சு?"

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 25 லட்சம் வரம்பு என்றால் 25 லட்சம் வரை எது போனாலும் அப்படியே வரும், மொத்தச் சரக்கு எவ்வளவு என்பது யாருக்கும் தேவையில்லாத விஷயம், ஏதோ ஃபார்மில் ஒரு கட்டம் நிரப்பச் சொன்னார்கள் நிரப்பினோம் என்ற நினைப்பு. ஏஜென்ட்டுகளில் பாதிப் பேருக்கும் இதே நினைப்புதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாலிசி ஷெட்யூலை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு எண் இருக்கும். ஒன்று, கடையில் இருக்கும் மொத்தச் சரக்கின் மதிப்பு. இன்னொன்று, ஃபர்ஸ்ட் லாஸ் வரம்பு. வரம்பு என்பது கம்பெனி அதிகபட்சம் எவ்வளவு தரும் என்பது மட்டும்தான். பிரீமியம் போடும்போது இரண்டு எண்ணும் கணக்கில் வருகிறது: வரம்புக்கு ஒரு ரேட், அதற்கு மேல் மீதியுள்ள சரக்குக்கு அதைவிட நன்றாகக் குறைந்த ஒரு ரேட். மீதிக்கு ஏன் ரேட் என்று கேட்பீர்கள். 30 லட்சம் சரக்குள்ள கடையிலும் 3 கோடி சரக்குள்ள கடையிலும் ஒரே 25 லட்சம் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கடையில் 25 லட்சத்தைத் தொட வேண்டுமென்றால் திருடன் ஏறக்குறைய கடையையே காலி செய்ய வேண்டும். இரண்டாவது கடையில் செம்பு ஒயரை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனாலே வரம்பு தாண்டிவிடும். இரண்டும் ஒரே ஆபத்தா? இல்லை. அதனால்தான் மொத்தம் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

ஆகவே நீங்கள் சொன்ன மொத்தம் பொய்யானால், கட்டிய பிரீமியமும் குறைவு, கிளெய்மும் அதே விகிதத்தில் குறையும். இதைத்தான் ஆவரேஜ் என்கிறோம். நஷ்டத்தை, சொன்ன மொத்தத்தால் பெருக்கி, திருட்டு நடந்த ராத்திரி உண்மையில் இருந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். பொதுவாக அந்த விகிதத்தை முதலில் போட்டு, வருகிற தொகை வரம்புக்குள் இருக்கிறதா என்று பிறகு பார்ப்போம். ஃபர்ஸ்ட் லாஸில் வரம்பை வைத்து ஆவரேஜ் போடுவதில்லை, அது உண்மை. 25 லட்சத்தை 1 கோடியோடு ஒப்பிட்டு நாலில் ஒரு பங்குதான் தருவேன் என்று எந்தக் கம்பெனியும் சொல்லாது. ஆனால் சொன்ன மொத்தத்தை வைத்து ஆவரேஜ் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஃபர்ஸ்ட் லாஸில் ஆவரேஜே கிடையாது சார்" என்று என்னிடமே பாடம் நடத்துவார்கள். ஆவரேஜ் இல்லை என்று உங்கள் பாலிசியில் எழுத்தில் இருந்தால் எனக்கும் சந்தோஷம், காட்டுங்கள்.

சரி, அண்ணாச்சி கடையில் அன்று ராத்திரி எவ்வளவு இருந்தது? இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கணக்குப் புத்தகம் சொல்லும். மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில் இருப்பு 1.32 கோடி. அதற்குப் பிறகு திருட்டு நாள் வரை கொள்முதல் 1.88 கோடி. ஆக 3.20 கோடி. விற்பனை 1.84 கோடி, முந்தைய வருடங்களின் லாப விகிதம் 13 சதவீதம், அதைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்க விலை 1.60 கோடி. மீதி 1.60 கோடி. திருட்டுக்குப் பிறகு எண்ணிப் பார்த்த இருப்பு 1.52 கோடி, வித்தியாசம் அதே 8 லட்சம். இவ்வளவு சுத்தமாகக் கணக்கு பொருந்துவது அபூர்வம், அந்த விஷயத்தில் அவர் கணக்கெழுதுபவருக்கு ஒரு சபாஷ்.

பாலிசியில் சொன்னது 1 கோடி. 8 லட்சம் பெருக்கல் 100, வகுத்தல் 160. ஐந்து லட்சம். அவ்வளவுதான்.

"சார், சரக்கு அவ்வளவு இருந்திருக்காது" என்றார். அப்போதுதான் அவர் பேங்குக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை எடுத்தேன். சிசி கடன் கணக்கில் டிராயிங் பவர், அதாவது சரக்கைக் காட்டி எடுக்கக்கூடிய தொகை, குறையக் கூடாது என்று அங்கே 1.58 கோடி காட்டியிருந்தார். பேங்குக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல், இன்சூரன்ஸுக்கு ஒரு கோடி. இதற்கு மேல் என்ன பேசுவது? பேங்குக்குச் சொன்னது பொய் என்றால் அது வேறு வழக்கு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், சரக்கு கடனுக்கு ஈடாகப் பேங்கில் ஹைப்பாதிகேஷனில் இருந்து பாலிசியிலும் பேங்க் பெயர் இருந்தால் கிளெய்ம் பணம் பேங்குக்குத்தான் போகும், அவர்கள் பேப்பரும் எங்கள் மேசைக்கு வரும்.

அவர் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. முதல் வருடம் பாலிசி எடுத்தபோது 1 கோடி சரியாக இருந்திருக்கலாம். அதன்பின் புதிதாக ஒரு ஒயர் கம்பெனி டீலர்ஷிப் வந்தது, செம்பு விலை ஏறியது. செம்பு விலை ஏறினால் ஒரு காயில்கூடக் கூடாமலேயே சரக்கு மதிப்பு கூடும், இதை யாரும் யோசிப்பதே இல்லை. பாலிசி மட்டும் வருடா வருடம் பழைய எண்ணிலேயே ரினியூவல் ஆனது, ஏஜென்ட் போனில் "போன வருஷம் மாதிரியே போட்டுடலாமா அண்ணாச்சி?", இவர் "போட்டுடுப்பா". அந்த ஒரு வார்த்தைக்கு 3 லட்சம் போனது. 1.60 கோடி என்று சொல்லியிருந்தால் கூடுதல் பிரீமியம் அதன் பக்கத்தில்கூட வந்திருக்காது.

தயவுசெய்து இனி இப்படிச் செய்யுங்கள். ரினியூவலுக்கு முன்னால் கடந்த 12 மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, அதில் எந்த மாதம் அதிகமோ அந்த எண்ணை மொத்தமாகச் சொல்லுங்கள். சராசரி வேண்டாம். திருடன் சராசரி நாள் பார்த்து வருவதில்லை, சரக்கு இறங்கிய வாரத்தில்தான் வருவான். நடுவில் பெரிய கொள்முதல் செய்தால் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் திருத்தம், போட்டு மொத்தத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். குடோன் வேறு விலாசத்தில் இருந்தால் அதைத் தனியாக, அதன் மொத்தத்தோடு எழுதச் சொல்லுங்கள், ஷெட்யூலில் இல்லாத விலாசத்துக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. தீ பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாகச் சொன்னதைக் கண்டுகொள்ளாமல் விடும் சலுகை சிறு கடைகளுக்கு இருக்கிறது, அது திருட்டு பாலிசிக்குத் தானாக வராது.

சரக்கு மதிப்பை ஜிஎஸ்டி சேர்த்துச் சொல்கிறீர்களா சேர்க்காமலா என்பதையும் ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வையுங்கள். திருட்டுப் போன சரக்குக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும், அந்தத் தொகை யார் தலையில் என்று பிறகு சண்டை வருகிறது.

வரம்பு எவ்வளவு வைப்பது என்பது தனிக் கதை. 25 சதவீதம் என்று ஏஜென்ட் வாயில் வருவதை அப்படியே வாங்காதீர்கள். கடைக்குள் நின்று, ஒரு வண்டி, நாலு ஆள், மூன்று மணி நேரம் என்று வைத்து எதை ஏற்றுவான் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒயர் என்றால் குட்டி யானை ஒரு லோடுக்கு 8 லட்சம், இரண்டு லோடு 16, அதோடு அட்டைப்பெட்டியில் இருக்கும் சுவிட்ச், எம்சிபி. அண்ணாச்சி கடைக்கு 25 லட்சம் தாராளம். அதே மதிப்பில் செல்போன் வைத்திருக்கும் கடையில் 25 லட்சம் இரண்டு சாக்கில் போய்விடும், அங்கே இந்தக் கணக்கு ஆகாது, ஃபர்ஸ்ட் லாஸே யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

கூரையைப் பிரித்தது, பூட்டை உடைத்தது எஃப்ஐஆரில் வரட்டும். கல்லாப் பையன் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கியதும், ஸ்டாக் எடுக்கும்போது காணாமல் போனதும் இந்தப் பாலிசியில் வராது. பிரித்த ஷீட்டை நாங்கள் வந்து பார்க்கும்வரை சரி செய்யாதீர்கள், குறைந்தது போட்டோவாவது எடுங்கள்.

கிளெய்ம் கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. 5 லட்சம் வாங்கினால், வருடத்தின் மீதி நாட்களுக்கு உங்கள் வரம்பு 25 இல்லை, 20. அதைப் பழையபடி 25 ஆக்க மீதி நாட்களுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும், அந்த வாரமே கட்டுங்கள். பின்வாசலின் வழி திருடர்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.