சேமிப்பைக் கூட்டினால் மூலதனம் எதுவரை பெருகும்?

ஒரு நாடு தன் சேமிப்பு விகிதத்தை 20 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்திவிட்டால், அதன் பொருளாதாரம் என்றென்றைக்கும் வேகமாகவே வளருமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வளராது. ஏன் என்பதை 1956ஆம் ஆண்டில் ராபர்ட் சோலோ முன்வைத்த வளர்ச்சி மாதிரியைக் கொண்டு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு தொழிலாளி 16 லட்சம் ரூபாய் மதிப்புள்ள இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய்க்குப் பொருள் செய்கிறார் எனக் கொள்வோம். உற்பத்தி, மூலதனத்தின் வர்க்கமூலம். அதாவது இயந்திரங்கள் நான்கு மடங்கானாலும் உற்பத்தி இரண்டு மடங்குதான் ஆகும். தேய்ந்துபோகும் இயந்திரங்களை ஈடுகட்டவும், புதிதாக வேலைக்கு வருவோருக்குக் கருவிகள் தரவும் மூலதனத்தில் ஆண்டுதோறும் 5 சதவீதம், அதாவது 80,000 ரூபாய் தேவைப்படுகிறது. 4 லட்சத்தில் 20 சதவீதச் சேமிப்பும் அதே 80,000தான். வரவும் தேய்வும் ஒன்றையொன்று சரிக்கட்டும் இந்த இடமே நிலைத்த நிலை.

இப்போது சேமிப்பு 30 சதவீதமாகிறது. முதல் ஆண்டில் 1,20,000 ரூபாய் முதலீடாகிறது; தேய்வுக்கான 80,000 போக 40,000 மிஞ்சி, மூலதனம் 16.4 லட்சமாகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. மூலதனம் கூடக்கூட உற்பத்தி வரவரத் தயங்கித் தயங்கித்தான் ஏறுகிறது, தேய்மானமோ சிறிதும் தயங்காமல் அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே வருகிறது. மூலதனம் 25 லட்சத்தைத் தொடும்போது சேமிப்பு 1.5 லட்சம், தேய்வு 1.25 லட்சம், மிச்சம் 25,000 மட்டுமே. அதற்கே ஏறக்குறைய 28 ஆண்டுகள் ஆகிவிடும். 36 லட்சத்தில் சேமிப்பும் தேய்வும் 1.8 லட்சத்தில் சந்தித்துக்கொள்ள, ஏற்றம் நின்றுவிடுகிறது. உற்பத்தி 4 லட்சத்திலிருந்து 6 லட்சமாக உயர்ந்து அங்கேயே நிலைக்கிறது. அதற்கு மேல் உயர வேண்டுமானால் தொழில்நுட்பம் முன்னேற வேண்டும். இடைக்கால வேகத்தை நிரந்தர வளர்ச்சி என்று மேடைகளில் முழங்குவோர் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நுகர்வின் கதை வேறு. அது 3.2 லட்சத்திலிருந்து உடனே 2.8 லட்சமாகச் சரிந்து, பழைய அளவுக்குத் திரும்பவே 13 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கிறது, கடைசியில்தான் 4.2 லட்சத்தை எட்டுகிறது. சேமிப்பை 60 சதவீதமாக்கினால் மூலதனம் 144 லட்சமாகும், ஆனால் நுகர்வு 4.8 லட்சம்தான். 50 சதவீதம் சேமித்தாலே 5 லட்சம் கிடைத்திருக்கும்; எஞ்சியதெல்லாம் தேய்மானத்துக்கே தீனி.

சிங்கப்பூரில் உற்பத்தியில் முதலீட்டின் பங்கு 1966இல் சுமார் 11 சதவீதமாக இருந்து, 1990க்குள் 40 சதவீதத்தைத் தாண்டியது. அதே அளவு பாய்ச்சலை மறுபடியும் நிகழ்த்த வழியில்லை என்று 1994இல் பொருளியல் அறிஞர் பால் க்ருக்மன் சுட்டிக்காட்டினார். அடுத்த நான்கு மடங்கு 100 சதவீதத்தைக் கடந்துவிடும்.