பக்கத்துக்கு இரண்டு வரி: மழலையர் படக்கதை எப்படிச் சுருங்குகிறது

பெங்களூரு அல்சூரில் தமிழ் பேசும் ஒரு வீட்டில் பாட்டி பேரனுக்குச் சொல்லும் கதை ஒன்றை எழுத்தில் வடித்தால் இப்படி இருக்கக்கூடும்: "மாலை மழை திடீரெனப் பிடித்துக்கொள்ளவே, மார்க்கெட்டில் பூக்கடை வாசலில் தூங்கிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பூனைக்குட்டி அலறியடித்து எழுந்து, நின்றிருந்த ஆட்டோவுக்கு அடியில் பதுங்கி, ஆட்டோ கிளம்பிவிட்டதால் வாழைப்பழக் கூடைக்குள் ஏறி, பழக்காரர் விரட்டியதும் அங்கிருந்தும் ஓடி, கடைசியில் ஒரு பாட்டியின் குடைக்குள் புகுந்துகொண்டது." பெரியவர்களுக்கு இது ஓட்டமுள்ள தமிழ். இரண்டு வயதுக் குழந்தைக்கோ ஐந்து நிகழ்ச்சிகள் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன. எழுந்து, பதுங்கி, ஏறி, ஓடி என்று எச்சங்கள் அடுத்தடுத்து வருவதால், கடைசி வினைமுற்று வரும்வரை எதுவும் முடிந்ததாகக் காதில் விழுவதில்லை.

ஆகவே தமிழில் இப்படியொரு கதையை மழலையர் படக்கதையாகச் சுருக்கும் வேலை சொற்களை வெட்டுவதில் தொடங்குவதில்லை. ஒவ்வொரு எச்சத்தையும் முற்றாக்கி, அதற்கு ஒரு விரிபக்கத்தை, அதாவது புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கங்களை, கொடுப்பதில்தான் தொடங்குகிறது. எச்சம் முற்றாகும் இடமே பக்கம் திரும்பும் இடம். சொற்களை மட்டும் எண்ணிக் குறைப்பவர்கள் "எழுந்து பதுங்கி ஏறி ஓடிப் புகுந்தது" என்று ஒரே பக்கத்தில் அடைத்துவிடுகிறார்கள். வரி குறைந்தாலும் சுமை குறைவதில்லை, ஏனெனில் அந்தப் பக்கத்தில் ஓவியர் எந்தக் கணத்தை வரைவது என்பதே தெளிவாகாது.

அடுத்து, படத்திடம் எதை ஒப்படைப்பது என்ற கேள்வி. சாம்பல் நிறம், பூக்கடை, மார்க்கெட், பயந்த முகம் ஆகிய அனைத்தையும் ஓவியம் சொல்லிவிடும். ஆனால் பூனை, ஆட்டோ, கூடை, குடை என்ற பெயர்கள் படத்தில் தெரிந்தாலும் வரியில் இருந்தே ஆக வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கான புத்தகத்தில் இது கூறியது கூறலாகத் தோன்றலாம். மழலைக்கோ, அம்மா விரல் வைத்துச் சொல்லும் அந்தப் பெயரும் கண்முன் இருக்கும் பொருளும் ஒரே கணத்தில் சேர்வதே சொல் கற்கும் வழி. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வயதினரிடம் செய்த சோதனையில், விரிபக்கத்தில் ஒரே ஒரு படம் இருந்தபோது குழந்தைகள் புதிய சொற்களை நன்றாகக் கற்றார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படங்கள் இருந்தபோது, கேட்ட சொல் எந்தப் படத்துக்கு உரியது என்பதில் கவனம் சிதறியது. ஆகவே நிகழ்ச்சிகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விரிபக்கம் தருவது அழகுக்காக மட்டும் செய்வதன்று.

இப்போது அதே கதை:

மழை! மழை!
பூனைக்குட்டி எங்கே போகும்?

ஆட்டோ அடியில் போச்சு.

டுர்ர்ர்! ஆட்டோ கிளம்பிடுச்சு.
பூனைக்குட்டி எங்கே போகும்?

கூடைக்குள்ளே போச்சு.

"ஏய்! யாரது?"
பூனைக்குட்டி எங்கே போகும்?

பாட்டி குடைக்குள்ளே போச்சு!

ஆறு விரிபக்கங்கள், எதிலும் இரண்டு வரிக்கு மேல் இல்லை. கேள்வி வரி மாறாமல் மூன்று முறை வருவதால், சில நாள்களில் குழந்தை அதைத் தானே சொல்லத் தொடங்கும். கேள்வி ஒரு பக்கத்திலும் விடை அடுத்த பக்கத்திலும் இருப்பதால் தாளைத் திருப்புவதற்கு ஒரு காரணமும் கிடைக்கிறது. "போனது" என்ற எழுத்து வடிவத்தை விட்டு "போச்சு" என்று எழுதியது என் துணிந்த முடிவு. வெளியே கன்னடமும் வீட்டில் மட்டும் தமிழும் கேட்டு வளரும் குழந்தைக்குத் தெரிந்த தமிழ் பேச்சுத் தமிழ்தான், புத்தகமும் உரக்கப் படிக்கப்படவே எழுதப்படுகிறது. எழுத்து வழக்கை விரும்பும் பதிப்பாளர்கள் இதை ஏற்காமல் போகலாம்.

இவ்வளவு வெட்டும்போது முதலில் தொலைவது காரணம். "கிளம்பிவிட்டதால்" என்ற ஒரே சொல் மூலக்கதையில் தாங்கியிருந்த பொருளை இங்கே ஒரு முழு விரிபக்கமும் "டுர்ர்ர்" என்ற ஒலியும் தாங்குகின்றன. அந்தப் பக்கத்தையும் எடுத்துவிட்டால், பூனை ஆட்டோவிலிருந்து கூடைக்கு ஏன் போனது என்பது யாருக்கும் விளங்காது. "ஏய்! யாரது?" என்று விரட்டுபவர் பழக்காரர் என்பதை வரி சொல்வதே இல்லை. எனவே அவருடைய முகமும் ஓங்கிய கையும் படத்தில் இருக்க வேண்டும் என்று ஓவியருக்குத் தனிக் குறிப்பு எழுதியாக வேண்டும். நாளை, நினைத்தது, மறந்தது, இல்லை போன்றவற்றைப் படம் எளிதில் காட்டாது. அவற்றை நம்பி நிற்கும் திருப்பத்தை மழலைப் புத்தகத்தில் வைக்காமல் விடுவதே மேல்.

சரியாகச் சுருங்கியதா என்று பார்க்க, வெள்ளைத் தாள்களை மடித்துப் பென்சில் படங்களுடன் ஒரு மாதிரிப் புத்தகம் செய்து குழந்தையின் கையிலேயே கொடுக்கலாம். நீங்கள் வரியை முடிக்கும் முன்பே ஒரு குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் அது ஒவ்வொரு முறையும் திருப்பினால், அங்கே வரி இன்னும் நீளம் அல்லது படம் வெறுமை. திருப்பிய பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போய் எதையோ தேடினால், அங்கே ஒரு காரணம் காணாமல் போயிருக்கலாம்.