பழைய ஏசியின் வாயுவும் ஓசோன் படலமும்

பழைய ஏசியைக் கழற்றும்போது அதிலுள்ள வாயுவைக் காற்றில் திறந்துவிடக் கூடாது என்று குளிர்சாதனப் பயிற்சி வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம், "நாற்றம் இல்லை, தீப்பிடிக்காது, காற்றோடு போய்விடும், இதில் யாருக்கு என்ன கேடு?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. எதனோடும் சேராமல் சும்மா இருக்கும் அந்தக் குணம்தான் ஓசோனுக்குக் கேடாக முடிந்தது என்பதால், இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில்தான் ஓசோனின் பெரும்பகுதி பரவிக் கிடக்கிறது. நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்டத்துக்கு இறக்கிக் குவித்தால் அது சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கே வரும். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஓசோன் மூலக்கூறு புறஊதாக் கதிரை உறிஞ்சும்போது, அதிலிருந்து ஓர் அணு பிரிகிறது. பிரிந்த அணு பெரும்பாலும் சற்று நேரத்திலேயே இன்னோர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து மறுபடியும் ஓசோனாகிவிடுகிறது. கதிரின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. ஆக, கதிரைத் தடுப்பதால் மட்டும் ஓசோன் குறைந்துபோவதில்லை. இந்தத் தடுப்பைத் தாண்டி வரும் புறஊதா-பி கதிர், உயிரணுவின் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற கூறுகளைத் தவறாகப் பிணைத்துவிடுகிறது. தோல் புற்றுநோய்க்கு இது ஒரு தொடக்கம். கண்புரைக்கும், கடலின் மேற்பரப்பில் வாழும் நுண்தாவரங்களின் வளர்ச்சிக் குறைவுக்கும் இதே கதிர் காரணமாகிறது.

முன்பு வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருந்த ஆர்-12 என்ற குளோரோஃபுளோரோகார்பன் மழையில் கரையாது. தாழ்ந்த வளிமண்டலத்தில் எதுவும் அதைச் சிதைப்பதில்லை. அதனால் பல ஆண்டுகளில் மெல்ல மேலேறி, ஓசோனின் காவலுக்கு அப்பால் கடுமையான புறஊதா ஒளி படும் உயரத்தை அடைகிறது. அங்கே அது உடைந்து குளோரின் அணு விடுபடுகிறது. இதை மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் எடுத்துக்காட்டினார்கள்.

Cl + O₃ → ClO + O₂
ClO + O → Cl + O₂

இரண்டாவது வரியின் முடிவில் குளோரின் அப்படியே திரும்பக் கிடைப்பதைக் கவனிக்க வேண்டும். செலவாகாமல் சுற்றிச் சுற்றி வரும் ஒரே அணு, வேறொரு சேர்மத்தில் சிக்கிக்கொள்வதற்குள் ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிடுகிறது.

இந்த வாயுக்களில் பெரும்பகுதி வட அரைக்கோளத்தில்தான் வெளியேறியது. ஆனாலும் பெரும் சேதம் அண்டார்டிகாவில் நிகழ்ந்தது. அங்கே ஹாலி விரிகுடாவில் அளந்துவந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அக்டோபர் மாத ஓசோன், அதன் அளவைக் குறிக்கும் டாப்சன் அலகில் 300-லிருந்து 200-க்கும் கீழே சரிந்ததை 1985-இல் வெளியிட்டார்கள். துருவக் குளிர்காலத்தில் மேல்வளிமண்டலம் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே குளிரும்போது அங்கே மெல்லிய மேகங்கள் உருவாகின்றன. அதுவரை தீங்கில்லாத சேர்மங்களில் அடங்கிக் கிடந்த குளோரின், அந்த மேகத் துகள்களின் பரப்பில் விடுபடுகிறது. செப்டம்பரில் சூரியன் திரும்பியதும் அழிவு வேகமெடுக்கிறது.

1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையால் ஆர்-12 போன்றவற்றின் உற்பத்தி நின்றது. ஆனால் ஏற்கெனவே வெளியேறிய ஆர்-12 ஏறத்தாழ நூறு ஆண்டுகள் காற்றில் தங்கும் என்பதால், அண்டார்டிகாவின் ஓசோன் 1980-இன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில்தான் முடியும் என்று 2022-இன் சர்வதேச மதிப்பீடு கூறுகிறது.

நம் பழைய ஏசிகளில் இருப்பது ஆர்-22. அதில் ஒரு ஹைட்ரஜன் அணு இருப்பதால் அதன் பெரும்பகுதி கீழேயே சிதைந்துவிடுகிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால் ஓசோனுக்கு அது செய்யும் கேடு ஆர்-12 செய்வதில் இருபதில் ஒரு பங்கு அளவே. குறைவு என்பதற்காக இல்லை என்றாகிவிடாது. அவுட்டோர் யூனிட்டின் பெயர்ப்பலகையில் வாயுவின் பெயரும் எடையும் இருக்கும். ஒன்றரை டன் ஏசியில் பொதுவாக ஒரு கிலோவை ஒட்டி இருக்கும்.

"கேஸ் தீர்ந்துவிட்டது" என்று ஆண்டுதோறும் நிரப்பச் சொல்பவர்களிடம் நான் தயங்காமல் மறுத்துச் சொல்வது ஒன்று உண்டு: இந்த வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. செம்புக் குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கே சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். குமிழ் வந்தால் அதைச் சரிசெய்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வாக்யூம் எடுத்த பிறகே நிரப்ப வேண்டும். இடம் மாற்றுவதற்காகக் கழற்றும்போது பம்ப் டவுன் செய்து வாயுவை அவுட்டோர் யூனிட்டிலேயே அடைத்துவிடலாம். பழைய இரும்புக் கடைக்குப் போகும் யூனிட்டுக்கு அது போதாது, ஏனெனில் அங்கே செம்புக் குழாயை வெட்டிய நொடியிலேயே முழுவதும் வெளியேறிவிடும். அதை ரெக்கவரி மெஷினால் தனிச் சிலிண்டரில் எடுத்துவிட வேண்டும். வெயிலில் திரவம் விரிவடைய இடம் வேண்டும் என்பதால், அந்தச் சிலிண்டரை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது.