நாயை வெட்டாதீர்கள், ஆளை வெட்டுங்கள்

எங்கள் வீட்டு நாய் மணி செத்துப்போய் ஒரு வருடம் ஆகிறது. போனில் அதன் படம் முந்நூறுக்கு மேல் இருக்கிறது, ஆனால் அப்பாவும் மணியும் சேர்ந்து ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் அத்தனை படத்தையும் எடுத்தவரே அப்பாதான். சரி, அப்பாவின் படம் ஒன்று, மணியின் படம் ஒன்று, இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் முயற்சி எல்லோரும் செய்வதுதான். அப்பா கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் படத்தைத் திறந்து, மணியை வெட்டி அவர் காலடியில் ஒட்டினேன். பார்த்தால் சுவரொட்டியில் ஒட்டிய நாய் மாதிரி இருந்தது. உடம்பைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு. வெயில் அப்பாவுக்கு வலப்பக்கம், மணிக்கு இடப்பக்கம். மணியின் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டால் வெயில் சரியாகிவிடும், ஆனால் மணிக்கு இடது காது கிழிந்திருக்கும், அது வலது காதுக்குப் போய்விடும். ஊரே கண்டுபிடிக்காவிட்டாலும் அப்பா கண்டுபிடிப்பார்.

அந்தப் பச்சைக் கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். நாயின் ஓரத்து முடி ஒரு பிக்சலைவிட மெல்லியது. அப்படியென்றால் ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் கொஞ்சம் முடி, கொஞ்சம் பின்னால் இருக்கும் புல், இரண்டும் கலந்த நிறம். இதை இப்படி எழுதுவார்கள்:

```
C = αF + (1 − α)B
```

C என்பது படத்தில் தெரியும் அந்தக் கலந்த நிறம், F முடியின் நிறம், B பின்னணியின் நிறம், α அந்தப் பிக்சலில் முடி எவ்வளவு பங்கு என்பது. நம் கையில் இருப்பது C மட்டும்தான், மற்ற மூன்றும் தெரியாது. பின்னணியை நீக்கும் ஆப்கள் α-வை ஓரளவு நன்றாகவே ஊகிக்கின்றன, ஆனால் பல ஆப்கள் முடிக்குள் கலந்துபோன புல்லின் பச்சையை அப்படியே விட்டுவிடுகின்றன. செம்மண் தரையில் கொண்டுபோய் வைத்தால் அது பல்லிளிக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது: முடி இருப்பது நாய்க்கு, அப்பாவுக்கு இல்லை (தலையிலும் அதிகம் இல்லை). சட்டை, வேட்டி, முழங்கை எல்லாம் சுத்தமான ஓரங்கள். அப்படியானால் மணியைத் தொடாமல் அதன் படத்திலேயே விட்டுவிட்டு, அப்பாவை உள்ளே கொண்டுவருவதுதான் சுலபம். மணியின் நிழல், காலடி மண் எல்லாம் கலையாமல் இருக்கும். அதைவிட முக்கியம், மணியை இனி படம் எடுக்க முடியாது, அப்பாவை எடுக்கலாம். திரும்ப எடுக்க முடியாத படத்துக்கு ஏற்ற மாதிரி, எடுக்க முடிந்த படத்தை எடுக்க வேண்டும்.

அதற்கு மணியின் படத்தை எந்த உயரத்திலிருந்து எடுத்தார் என்று தெரிய வேண்டும். அது படத்துக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் ஓடும் மதில்சுவரின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் கோடு போட்டு நீட்டினால் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அந்த உயரத்தில் படத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் அதுதான் தொடுவானக் கோடு. சமதரையில் எடுத்த படத்தில் அந்தக் கோடு எதையெல்லாம் வெட்டுகிறதோ, அது எல்லாமே கேமராவின் உயரத்தில் இருக்கிறது. மணியின் தோள் உயரம் 50 சென்டிமீட்டர், படத்தில் அது 500 பிக்சல். பாதத்திலிருந்து கோடு வரை 900 பிக்சல். ஆக, கேமரா தரையிலிருந்து 90 சென்டிமீட்டர். அப்பா வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு எடுத்திருக்கிறார்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நின்றுகொண்டு ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் நாயை எடுத்தால் முதுகும் மண்டையும்தான் தெரியும், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து எடுத்தால் முகமும் மார்பும் தெரியும். பெரிதாக்கிச் சிறிதாக்கி இதைச் சரிசெய்யவே முடியாது.

வெயிலையும் அப்படியே படித்தேன். மணியின் நிழல் அதன் உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது சூரியன் சுமார் 27 பாகை உயரத்தில். நம்மூரில் விடிந்து இரண்டு மணி நேரம் கழித்து அப்படி இருக்கும். நிழல் வலப்பக்கமாகக் கொஞ்சம் பின்னோக்கி விழுந்திருந்தது. அப்பாவை மணிக்கு வலப்பக்கம் வைத்தால் மணியின் நிழல் அவர்மேல் விழ வேண்டும். நேர் இடப்பக்கம் வைத்தால் அவர் நிழல் மணிமேல் விழும். இடப்பக்கம், 40 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால் அவர் நிழல் மணிக்குப் பின்னால் மண்ணில் போய்விடும், வம்பில்லை.

காலை எட்டு மணிக்கு முற்றத்தில் அப்பாவைக் குத்துக்காலிட்டு உட்காரவைத்தேன். மணி இருந்திருக்க வேண்டிய இடத்தில் 50 சென்டிமீட்டர் உயர ஸ்டூல், அதன்மேல் ஒரு பழுப்புப் போர்வை. கையை அதன்மேல் வைக்கச் சொன்னேன். வெறுங்காற்றில் கையை நீட்டினால் விரல்களில் பாரம் தெரியாது, கண் எங்கேயோ பார்க்கும். போன் 90 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நாற்காலிமேல். மணி கேமராவிலிருந்து மூன்று மீட்டர், அப்பா 40 சென்டிமீட்டர் பின்னால் என்பதால் அவர் பாதத்திலிருந்து கோடு வரை 900 இல்லை, 800 பிக்சல் வரவேண்டும். இரண்டு படத்தின் தொடுவானக் கோட்டையும் பொருத்தி, அந்த 800 வரும்வரை அப்பாவைச் சிறிதாக்கினேன், தலை தானாகவே கோட்டுக்குச் சற்று மேலே வந்து நின்றது.

ஆனாலும் மிதந்தார். நிழல் போடவில்லை. டேனியல் கெர்ஸ்டன் என்ற பார்வை ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1990களில் காட்டிய ஒரு அசைபடம் உண்டு: ஒரு பெட்டிக்குள் பந்து நகரும், பந்தின் பாதை மாறவே மாறாது, நிழலின் பாதையை மட்டும் மாற்றுவார்கள். ஒரு தடவை பந்து தரையில் உருள்வதாகத் தெரியும், மறுதடவை அந்தரத்தில் எழும்புவதாகத் தெரியும். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை நிழலிடம்தான் கண் கேட்கிறது. அதே கண் நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்பதில் அவ்வளவு கறார் இல்லை, போலிப் படங்களை ஆராயும் ஹேனி ஃபரீத் போன்றவர்கள் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். அதனால் என் கணக்கில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் பாதத்துக்கு அடியில் இருக்கும் அந்த ஒரு விரற்கடை இருட்டுதான்.

நிழலைக் கறுப்பில் தீட்டக் கூடாது. வெயில் மறைந்தாலும் வானத்தின் நீலம் அங்கே விழுந்துகொண்டே இருக்கும். மணியின் நிழலில் ஒரு இடத்தையும் பக்கத்தில் வெயில் மண்ணையும் அளந்தேன்: வெயிலில் சிவப்பு 180, பச்சை 140, நீலம் 110, நிழலில் 72, 60, 55. சிவப்பு 40 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, நீலம் பாதியோடு நின்றுவிட்டது. இந்த விகிதங்களை நிறத்தின் உச்ச அளவான 255-ஆல் பெருக்கினால் 102, 109, 128. லேசாக நீலம் ஓடிய சாம்பல். அதை, அடியில் இருக்கும் நிறத்தோடு பெருக்கி இருட்டாக்கும் `Multiply` முறையில் போட்டால் மண்ணின் பருக்கைகள் அப்படியே தெரிய, நிழல் மட்டும் விழும். பாதத்தருகே ஓரம் கூர்மையாக, தலையின் நிழலில் கொஞ்சம் மங்கலாக. சூரியன் ஒரு புள்ளியில்லை, அரைப் பாகை அகலத் தட்டு, அதனால் தூரம் போகப்போக ஓரம் கரையும்.

கடைசியாக மணியின் முதுகில் கை. விரல் நுனிகளை மெல்லிய தூரிகையால் முடி போகும் திசையிலேயே இழை இழையாக அழித்தேன், விரல் முடிக்குள் புதைந்தது. உள்ளங்கைக்கு அடியில் கொஞ்சம் இருட்டு. மணியின் படம் பழைய போனில் எடுத்தது, புள்ளி புள்ளியாக இருக்கும், அப்பாவோ பளிச்சென்று இருந்தார். பழையதைத் தேய்த்துப் பளபளப்பாக்கப் பார்க்காமல் அப்பாவைக் கொஞ்சம் மங்கலாக்கி, மேலே புள்ளிகளைத் தூவினேன்.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நிழல், ஓரம், கை எதையும் கேட்கவில்லை.

"இந்தச் சட்ட போன பொங்கலுக்கு எடுத்ததுல்ல? அப்ப மணி ஏது?"