ஒம்போது மணி நேரம் படுத்தும் ஏன் கிளாஸ்ல கண்ணு சொக்குது?

பாபநாசத்துல இருந்து தஞ்சாவூர் காலேஜுக்கு பஸ்ல போயிட்டு வர்ற ஒரு பையன எடுத்துக்குவோம். ராத்திரி பத்து மணிக்கெல்லாம் ரூமுக்குள்ள போயிடுறான், காலைல ஆறரைக்கு அலாரம். வீட்டுல கேட்டா எட்டரை மணி நேரம் தூங்குறான்னுதான் சொல்லுவாங்க. சனி ஞாயிறுன்னா முழுசா ஒம்போது மணி நேரம். ஆனா திங்கக்கிழமை ரெண்டாவது பீரியட்லயே தலை சாயுது. ரத்தம் கம்மியோ, திருஷ்டியோன்னு வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

உண்மையில வார நாள்ல பத்துலேந்து ஒரு மணி வரைக்கும் போன், தூக்கம் ஒண்ணுலேந்து ஆறரை, அஞ்சரை மணி நேரந்தான். லீவு நாள்ல விடிகாலை மூணுக்குத் தூங்கி மத்தியானம் பன்னெண்டுக்கு எழுந்திரிக்கிறான். இப்ப தூக்கத்தோட நடு நேரத்தை மட்டும் பாருங்க. வார நாள்ல 3.45, லீவு நாள்ல 7.30. கிட்டத்தட்ட நாலு மணி நேர வித்தியாசம், வாராவாரம் ஜெர்மனிக்கு ஃபிளைட் ஏறிப் போயிட்டு வர்ற மாதிரி. இதுக்கு சோஷியல் ஜெட்லாக்னு பேரு. தூக்கக் கடனும் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா ஞாயித்துக்கிழமை ஒம்போது மணி நேரம் தூங்கியும் சொக்கல் தீராததுக்கு இந்த நேர மாத்தமும் ஒரு காரணம்.

மூளைக்குள்ள, கண் நரம்பு ரெண்டும் குறுக்க போற எடத்துக்கு மேல, ஒரு சின்ன செல் கூட்டம் இருக்கு, அதுதான் உடம்போட கடிகாரம். பெரும்பாலானவங்களுக்கு அதோட ஒரு சுத்து 24 மணி நேரத்தை விட கொஞ்சம் கூட, அதனால சும்மா விட்டா தெனமும் கொஞ்சம் பின்னால நழுவும், இருபது வயசுப் பசங்களுக்கு இயல்பாவே அது லேட்டாத்தான் ஓடும். அதை இழுத்துப் பிடிக்கிறது வெளிச்சம். கண்ணுல பார்வைக்குன்னு இல்லாம வெளிச்சத்தை அளக்கறதுக்குன்னே தனி செல்லுங்க இருக்கு, நீலம் கலந்த வெளிச்சம்னா அதுங்களுக்கு ரொம்ப உறைக்கும்.

போன்தான் மொத்த வில்லன்னு நான் சொல்லமாட்டேன். 2015ல வந்த ஒரு ஆராய்ச்சில 12 பேரை, படுக்கறதுக்கு முன்னாடி நாலு மணி நேரம், அஞ்சு ராத்திரி, ஃபுல் பிரைட்னஸ்ல டேப்லெட்ல படிக்க வச்சாங்க. ராத்திரி ஆச்சுன்னு உடம்புக்குச் சொல்ற மெலடோனின்ங்கற ஹார்மோன் ஏறுற நேரம் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போச்சு, ஆனா தூக்கம் வர ஆன தாமதம் பத்து நிமிஷம் சுமார்தான். அவங்க பகல்லயும் மங்கலான ரூம்லயே இருந்தாங்கங்கறதையும் சேத்துப் பாக்கணும், பகல்ல நல்ல வெளிச்சம் பட்டவங்களுக்கு ராத்திரி வெளிச்சம் அவ்வளவா உறைக்காது. நம்ம பையனுக்குப் பெரிய அடி, போனால தூக்கமே மூணு மணி நேரம் தள்ளிப்போறதுலயும், பகல் பூரா ஜன்னல் சாத்தின கிளாஸ்லயே ஒக்காந்திருக்கறதுலயும்தான்.

இனிதான் முக்கியமான எடம். அப்பாயி சொல்லும், "நாலரைக்கு எழுப்பி வெளில வெரட்டுங்கடா, எல்லாம் சரியாப் போயிடும்"னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா இந்தப் பையனுக்கு அது எதிரா வேலை செய்யலாம். உடம்போட சூடு ஒரு நாள்ல ரொம்பக் கொறயற நேரம்னு ஒண்ணு உண்டு, இயல்பா முழிக்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி சுமாரா வரும். அதுக்கு முன்னாடி கண்ணுல படற வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் லேட்டாக்கும், அதுக்கு அப்பறம் படறது முன்னால இழுக்கும். அலாரம் இல்லாத நீண்ட லீவுல இவன் தானா பத்து மணிக்கு முழிக்கிறான்னு வச்சுக்குங்க, அந்தப் புள்ளி ஏழுலேந்து எட்டுக்குள்ள இருக்கும். அப்ப ஆறரைக்கு அலாரம் அடிக்கறப்ப அவன் உடம்புக்கு இன்னும் நடு ராத்திரி, ஆறு மணி வெயில்ல நிறுத்துனா கடிகாரம் தப்பான பக்கம் போகும்.

அதனால பொங்கல் லீவு மாதிரி ஒரு சமயத்துல ஆரம்பிக்கறது நல்லது. மொதல்ல ஒம்போதரைக்கு எழுந்து நேரா வாய்க்கா கரைக்கோ களத்துக்கோ போயி அரை மணி ஒரு மணி நேரம் திறந்த வெளில இருக்கணும், வீட்டுக்குள்ள டியூப்லைட் வெளிச்சம் போதாது, மேகமூட்டமா இருந்தாலும் வெளில வெளிச்சம் பல மடங்கு கூட. ஒவ்வொரு நாளோ ரெண்டு நாளுக்கொரு தடவையோ அரை மணி முன்னால நகத்துனா ஒரு பத்து நாள்ல ஆறரைக்கு வந்துடலாம். படுக்கற நேரமும் கூடவே தானா முன்னால வரும், தூக்கம் வராம பத்து மணிக்குப் போயி படுத்து மல்லாந்து கெடக்கறதுல புண்ணியமில்ல. படுக்க ரெண்டு மணி நேரம் முன்னாடி லைட்டக் கொறச்சு, போனை அடுத்த ரூம்ல சார்ஜ்ல போட்டுடணும். காலேஜ் விட்டு வந்து ஆறு மணிக்குக் குட்டித் தூக்கம் போட்டா ராத்திரி தூக்கம் கெடும், வேணும்னா சாப்பாட்டுக்கப்பறம் இருபது நிமிஷம்.

லீவு நாள்ல எழுந்திரிக்கறது ஒரு மணி நேரத்துக்கு மேல தள்ளக் கூடாது, இங்கதான் பெரும்பாலான பசங்க வழுக்குறாங்க, ரெண்டு லேட் நைட்டுலயே கடிகாரம் மறுபடி பின்னால நழுவ ஆரம்பிச்சுடும்.

இப்படி மூணு வாரம் ஒழுங்கா, நெசமாவே எட்டு மணி நேரம் தூங்கியும் பகல்ல சொக்குதுன்னா அது கடிகாரக் கோளாறு இல்லாம இருக்கலாம். சத்தமா கொறட்டை, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது, சிரிச்சா முட்டி தளர்றது, பைக் ஓட்டறப்ப கண்ணு மூடறது, இதுல எது இருந்தாலும் டாக்டரைப் பாத்துடுங்க, இரத்த சோகை, தைராய்டுக்கு டெஸ்ட்டும் எடுத்துடுங்க, அதுவரைக்கும் வண்டிச் சாவியைப் பையன் கையில குடுக்காதீங்க.