94-இல் நின்றாலும் 99-இல் நின்றாலும் ஆறுதான்

வைகுண்ட ஏகாதசியன்று கண்விழிக்கப் பரமபதம் ஆடிய வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். ஓர் ஆட்டம் முடிய சராசரியாக எத்தனை முறை உருட்ட வேண்டும்? 100-ஐத் தொட சரியான எண் விழுந்தாக வேண்டும் என்றால், 99-இல் ஒற்றை எண்ணுக்காகத் தவம் கிடப்பதைவிட 94-இல் நிற்பது மேல்தானே?

இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டால் முதலாவதும் தானே அவிழும்.

பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது மட்டுமே கணக்கு. அங்கே எப்படி வந்து சேர்ந்தது, எத்தனை பாம்பிடம் கடிபட்டது என்பதெல்லாம் அடுத்த உருட்டலுக்கு ஒரு பொருட்டே இல்லை. இப்படிப் பழசை மறந்துவிட்டு நகரும் அமைப்புக்கு மார்க்கோவ் சங்கிலி என்று பெயர். ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கோவ் 1906-இல் இதை எழுதத் தொடங்கினார். ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளுக்கு மட்டுமே சராசரி விதி பொருந்தும் என்று சொல்லி, அதை மனிதனின் சுயவிருப்பத்தோடு முடிச்சுப்போட்ட சக கணிதவியலாளர் நெக்ராசோவை மறுப்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. இறையியலைக் கணக்குக்குள் இழுத்தால் மார்க்கோவுக்குப் பொறுக்காது. எனக்கும்தான். தாயம் விழவில்லை என்று கட்டையை ஊதுவதும், ‘கைராசிக்காரர்’ ஒருவரை விட்டு உருட்டச் சொல்வதும் விளையாட்டாக இருக்கும்வரை சரி. கட்டைக்கு ஞாபகம் கிடையாது. இரண்டு நாற்பட்டைத் தாயக்கட்டைகளில் தாயம் விழ 16-இல் 2 வாய்ப்பு. அதாவது காயை இறக்கவே சராசரியாக 8 உருட்டல் ஆகும். பத்து முறை விழாமல் போன பிறகும், இனிமேல் ஆக வேண்டியது அதே 8-தான்.

இப்போது சாதாரண ஆறுமுகப் பகடைக்கு வருவோம். 100-ஐத் தாண்டும் எண் விழுந்தால் காய் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பது விதி. பாம்பே இல்லாத பலகையில் 99-இல் நிற்கிறீர்கள். 1 விழுந்தால் முடிந்தது, வாய்ப்பு ஆறில் ஒன்று. எனவே சராசரியாக 6 உருட்டல். 94-இல் நிற்பவருக்கு 6 விழ வேண்டும். அதற்கும் ஆறில் ஒன்று. 6 விழாவிட்டால் அவர் முன்னே நகர்வார். ஆனால் போய்ச் சேரும் கட்டம் 95-ஓ 98-ஓ எதுவானாலும், அங்கிருந்தும் முடிக்க உதவும் எண் ஒன்றே ஒன்றுதான். ஆக 94 முதல் 99 வரை எங்கே நின்றாலும் ஒவ்வொரு உருட்டலிலும் முடியும் வாய்ப்பு ஆறில் ஒன்று, சராசரி 6. அந்த ஆறு கட்டங்களில் முன்னேறுவது கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம் மட்டும்தான். கணக்கில் காய் அசையவே இல்லை!

இதிலிருந்து ஒரு சுவையான விஷயம் கிடைக்கிறது. பகடையின் சராசரி 3.5 என்பதால், ஆரம்பத்திலிருந்து 94-ஐத் தொட அல்லது தாண்ட சுமார் 27 உருட்டல் போதும். அதோடு இந்த 6-ஐச் சேர்த்தால் பாம்பும் ஏணியும் இல்லாத வெற்றுப் பலகைக்கு 33 சொச்சம். மொத்த நேரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைக் கடைசி ஆறு கட்டங்களே தின்றுவிடுகின்றன.

அடுத்து ஒரே ஒரு பாம்பை வைப்போம்: 98-இல் தலை, 78-இல் வால். 94 முதல் 97 வரை எங்கே நின்றாலும் 98, 99, 100 மூன்றுக்கும் ஆறில் ஒன்று வீதம் சம வாய்ப்பு. இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் போய் விழ சராசரியாக 2 உருட்டல். பிறகு மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் முடிகிறது. மூன்றில் ஒரு பங்கு 99-க்குப் போய் இன்னும் 6 உருட்டல் காத்திருக்கிறது. மிச்சம் ஒரு பங்கு 78-க்குச் சறுக்குகிறது. 78-இலிருந்து ஆட்டம் முடிய ஆகும் சராசரியை x என்று வைத்தால், அந்த நான்கு கட்டங்களுக்கும் பொதுவான விடை 2 + 6/3 + x/3, அதாவது 4 + x/3. இந்த x-உம் கடைசியில் அதே கட்டங்கள் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், சமன்பாடு தன்னையே சுற்றி வந்து x-ஐ அடைத்துவிடுகிறது. போட்டுப் பார்த்தால் x சுமார் 14. பாம்பு இல்லாவிட்டால் அது 11. இருபது கட்டம் இழுத்துப்போடும் பாம்பு, 78-இல் நிற்பவருக்குச் சராசரியாக மூன்று உருட்டல்தான் செலவு வைக்கிறது. 94-இல் 6 ஆக இருந்தது இப்போது 9-ஐ நெருங்குகிறது. 99-இல் மட்டும் அதே 6. வாசகருக்குப் பதில் இதுதான்: பாம்பு இல்லையென்றால் எங்கே நின்றாலும் ஒன்றுதான், 98-இல் பாம்பு இருந்தால் 99-இல் தவம் கிடப்பதே மேல்.

முழுப் பலகைக்கும் இதே வேலைதான். ‘இந்தக் கட்டத்தின் சராசரி = 1 + அடுத்துப் போகக்கூடிய ஆறு இடங்களின் சராசரிகளின் சராசரி’ என்று கட்டத்துக்கு ஒரு சமன்பாடாக நூறு எழுதி, ஒருசேரத் தீர்க்க வேண்டும். கையால் முடியாது, கணினிக்கு நொடி வேலை. கடையில் கிடைக்கும் பலகைகள் ஆளுக்கொரு விதமாக இருப்பதால், பலரும் கணக்கிட்டுப் பார்த்த, மில்டன் பிராட்லி என்ற அமெரிக்க நிறுவனத்தின் பலகையை எடுத்துக்கொள்கிறேன். அதில் 9 ஏணி, 10 சறுக்கு.

```python
import numpy as np
jump = {1:38, 4:14, 9:31, 16:6, 21:42, 28:84, 36:44,
        47:26, 49:11, 51:67, 56:53, 62:19, 64:60,
        71:91, 80:100, 87:24, 93:73, 95:75, 98:78}
A = np.eye(100)
for s in range(100):
    for d in range(1, 7):
        t = s + d if s + d <= 100 else s
        t = jump.get(t, t)
        if t < 100:
            A[s, t] -= 1/6
print(np.linalg.solve(A, np.ones(100))[0])
```

விடை 39.2. இது ஒருவர் மட்டும் தனியாக உருட்டி முடிக்க ஆகும் சராசரி. இரண்டு பேர் ஆடினால் முந்துகிறவரோடு ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் ஆளுக்கு ஆகும் உருட்டல் இதைவிடக் குறையும். சராசரியை வைத்து ‘வழக்கமாக 39’ என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அதிவேக ஆட்டம் 7 உருட்டலில் முடியும், அதற்குக் கீழே போக வழியில்லை. மேலே உச்சவரம்பே கிடையாது. நூறைத் தாண்டி இழுக்கும் சில ஆட்டங்கள் சராசரியை மேலே தூக்கிவிடுவதால், பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் 39-க்குள்ளேயே முடிந்துவிடும். ஆறு விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம் என்பது உங்கள் வீட்டு விதியென்றால் இந்த எண் செல்லாது, சமன்பாட்டை மாற்றி எழுத வேண்டும்.

இந்தப் பலகையை ஆல்தோன், கிங், ஷில்லிங் மூவரும் 1993-இல் ‘மேத்தமெடிக்கல் கெசட்’ இதழில் அலசினார்கள். எனக்குப் பிடித்தது, ஏணியைச் சேர்த்தால் ஆட்டம் நீளக்கூடும், பாம்பைச் சேர்த்தால் குறையக்கூடும் என்ற அவர்களுடைய முடிவு. 79-இலிருந்து 81-க்கு ஒரு குட்டி ஏணி போடுங்கள். 80-இல் இருக்கும் ஏணி நேரே 100-க்குப் போகிறது. 79-இல் நிற்பவருக்கு அதைப் பிடிக்க ஆறில் ஒரு வாய்ப்பு இருந்தது. இரண்டு கட்டம் இனாமாகக் கொடுத்து அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது புது ஏணி. இதற்கு நேர்மாறாக 29-இலிருந்து 27-க்கு ஒரு குட்டிப் பாம்பு. 28-இல் 84-க்குப் போகும் ஏணியைத் தவறவிட்டவரை அது இரண்டு கட்டம் பின்னே கொண்டுவந்து, இன்னொரு முறை முயன்று பார் என்கிறது. நிரலில் `79:81` என்பதையோ `29:27` என்பதையோ சேர்த்து ஓட்டினால் 39.2 முதலாவதில் கூடும், இரண்டாவதில் குறையும்.