மாத்திரை கொடுத்தோம், ரத்தம் ஏறியதா? கர்ப்பகால ரத்தசோகைத் திட்டத்தை அளப்பது எப்படி

வட்டார சுகாதார நிலையங்களின் மாதாந்திர ஆய்வுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வரி இது: "இரும்புச்சத்து மாத்திரை விநியோகம் 100 சதவீதம்." அதே வட்டாரத்தில் எட்டாம் மாதப் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு ஹீமோகுளோபின், ரத்தசோகை இல்லை என்று கொள்ளும் எல்லையான டெசிலிட்டருக்கு 11 கிராமைத் தொடவில்லை என்றால், பிழை எங்கே இருக்கிறது என்பதை அந்த 100 சதவீதம் சொல்லாது.

மாநிலப் படமும் இப்படித்தான் இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆனால் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 44.4. ஆய்வில் அகப்படும் கர்ப்பிணிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால், ரத்தசோகை கூடிவிட்டது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்ற நிலை மாறவில்லை என்பது மட்டும் தெளிவு. சேவை போய்ச் சேர்கிறது, உடல்நிலை அந்த அளவுக்கு மாறவில்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளத்தான் கண்காணிப்பும் மதிப்பீடும் தேவை. இரண்டும் ஒன்றல்ல.

கண்காணிப்பு என்பது திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, மாதா மாதம், அதை நடத்துபவர்களே பார்ப்பது. மாத்திரை இருப்பு இருக்கிறதா, கொடுத்தார்களா, சாப்பிட்டார்களா, திரும்ப ரத்தம் பார்த்தார்களா என்பவை அதன் கேள்விகள். பதில் சரியில்லை என்றால் அடுத்த வாரமே எதையாவது மாற்ற வேண்டும். மதிப்பீடு என்பது இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை நின்று நிதானித்துக் கேட்பது: மாற்றம் வந்ததா, வந்தது நம் திட்டத்தால்தானா, வராவிட்டால் ஏன்? கண்காணிப்புப் பதிவேட்டை அப்படியே எடுத்து "மதிப்பீட்டு அறிக்கை" என்று அட்டை போடுவது பரவலான பழக்கம். அந்தப் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வட்டாரம் இல்லை, சேவைக்கே வராதவர்களும் இல்லை. எனவே இந்தக் கேள்விகளுக்கு அதிலிருந்து விடை கிடைக்காது.

மாத்திரையிலிருந்து ரத்தம் வரை

இந்தியாவின் 'ரத்தசோகை இல்லா பாரதம்' வழிகாட்டுதல்படி, கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு மாத்திரை, 180 நாட்களுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். இந்த மாத்திரை கிடங்கிலிருந்து ரத்தத்துக்குப் போகும் பாதையில் பல படிகள் உண்டு: துணை சுகாதார நிலையத்தில் இருப்பு, செவிலியர் கையிலிருந்து கர்ப்பிணி கைக்கு, கையிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து ரத்தத்துக்கு. முதல் இரண்டு படிகளைக் காட்டுபவை செயல்முறைக் குறிகாட்டிகள். மூன்றாவது படி, நம் வேலை முடிந்து அவர் வீட்டில் நடப்பது. ஹீமோகுளோபின் உயர்வது விளைவு. அதிக ரத்தப்போக்கிலும் தாய் பிழைப்பது, குழந்தை போதிய எடையுடன் பிறப்பது எல்லாம் தாக்கம்.

பெரும்பாலான அறிக்கைகள் இரண்டாவது படியோடு நின்றுவிடுகின்றன, எண்ணுவது எளிது என்பதால். ஆனால் கசிவு பெரும்பாலும் மூன்றாவது படியில்தான். மலச்சிக்கல், குமட்டல், கறுப்பாக மலம் போவதைக் கண்டு பயம், "குழந்தை கறுப்பாப் பிறக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது என மாத்திரை அட்டை அலமாரியிலேயே தங்கக் காரணங்கள் பல. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியாம்மா?" என்று செவிலியர் கேட்டால் "சாப்பிடுறேங்க சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். "போன தடவை கொடுத்த அட்டையை எடுத்துட்டு வாம்மா, எத்தனை மீதி இருக்குன்னு பார்ப்போம்" என்றால் எண்ண முடிந்த ஒன்று கைக்குக் கிடைக்கும்.

சாப்பிட்டும் ரத்தம் ஏறாதவர்கள் உண்டு. கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் மறந்துவிடக் கூடாதே என்று ஒன்றாகப் போட்டுக்கொள்வார்கள். கால்சியம் இரும்பு சேர்வதைத் தடுக்கும், இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாப்பாடு முடிந்த கையோடு குடிக்கும் டீயும் அப்படித்தான். எனவே "கால்சியத்தையும் இரும்பையும் வேறு வேறு நேரத்தில் எடுப்பவர்கள் எத்தனை பேர்" என்பது, பார்க்கச் சிறியதாக இருந்தாலும், 100 சதவீத விநியோகக் கணக்கைவிட அதிகம் சொல்லும் செயல்முறைக் குறிகாட்டி.

இன்னொன்றையும் விடக் கூடாது. ஹீமோகுளோபின் 7 முதல் 10.9 வரை உள்ளவருக்கு தினமும் இரண்டு மாத்திரை. ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏறவில்லை என்றால் மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மறுபரிசோதனை நடந்தால்தான் இந்த முடிவை எடுக்க முடியும். இந்தப் பிரிவில் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு 4 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் பார்க்கப்பட்டது என்ற ஒரே எண்ணை மாதா மாதம் பார்த்தாலே, திட்டம் எங்கே தூங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

குறிகாட்டியை எழுதும் விதம்

"கர்ப்பிணிகளிடையே ரத்தசோகையைக் குறைத்தல்" என்பது ஆசை. குறிகாட்டி ஸ்மார்ட்டாக இருக்க வேண்டும் என்பார்கள்: திட்டவட்டமாக, அளக்கக்கூடியதாக, எட்டக்கூடியதாக, பொருத்தமானதாக, காலவரையறையோடு. இதைப் பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்வது எளிது. எழுத உட்கார்ந்தால்தான் கடினம் தெரியும். இப்படி எழுதலாம்:

"இந்த வட்டாரத்தில் முதல் 12 வாரத்துக்குள் பதிவுசெய்து, 2027 ஏப்ரலுக்கும் 2028 மார்ச்சுக்கும் இடையே பிரசவத் தேதி உள்ள கர்ப்பிணிகளில், 34-36 வாரத்தில் டிஜிட்டல் கருவியால் அளந்த ஹீமோகுளோபின் 11 கிராம் அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் 45 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாக உயர வேண்டும்."

வாரத்தை ஏன் குறிப்பிட வேண்டும்? கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி வேகமாகக் கூடுவதால், நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்கும் ஐந்து, ஆறு, ஏழாம் மாதங்களில் அளவு இயல்பாகவே இறங்கும். ஒருவரை 20ஆம் வாரத்திலும் இன்னொருவரை 36ஆம் வாரத்திலும் அளந்து ஒரே சராசரியில் போட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. கருவியை ஏன் குறிப்பிட வேண்டும்? நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் சாலி முறையில் பார்ப்பவரைப் பொறுத்து அளவு மாறும். தொடக்கத்தில் சாலி, முடிவில் டிஜிட்டல் என்றால், வித்தியாசம் திட்டத்தால் வந்ததா கருவியால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறுவது வகுக்கும் எண். இங்கே நம் ஊர் வழக்கம் நேரடியாகக் குறுக்கிடுகிறது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போய்விடுவார்கள். எட்டாம் மாதப் பரிசோதனை வேறு வட்டாரத்தில், சில சமயம் வேறு மாவட்டத்தில் நடக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குறிப்பிட்ட ஒரு காலத்தில் பிரசவத் தேதி விழும் 160 பேர் ஒரு வட்டாரத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கொள்வோம். 34-36 வாரத்தில் அங்கேயே ரத்தம் பார்த்தவர்கள் 96 பேர். அவர்களில் 67 பேருக்கு 11 கிராமுக்குக் குறையவில்லை. அறிக்கையில் 70 சதவீதம் என்று போகும். மீதி 64 பேரின் நிலை தெரியாது. அவர்கள் எல்லோருக்கும் ரத்தசோகை என்றால் உண்மை 42 சதவீதம். ஒருவருக்கும் இல்லை என்றால் 82. தெரியாதவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது 70 என்ற எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போது ஒவ்வொருவருக்கும் தரப்படும் பிக்மி எண்ணை வைத்துத் தேடியும் தொலைபேசியில் கேட்டும் 40 பேரின் அளவு கிடைக்கிறது. அதில் 18 பேர் மட்டுமே 11 கிராமுக்கு மேல். இப்போது 136 பேரில் 85 பேர், அதாவது 62.5 சதவீதம். இன்னும் 24 பேர் தெரியாது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். பதிவுசெய்த வட்டாரமே கடைசி வரை கணக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால், தாய் வீட்டுக்குப் போனவர் இரண்டு வட்டாரத்தின் கணக்கிலும் வரமாட்டார்.

இவ்வளவு கவனமாக எழுதிய குறிகாட்டியும் திட்டத்தைத் திசைதிருப்பக்கூடும். 10.6 இருப்பவரை 11க்குக் கொண்டுவந்தால் எண் ஏறும். 6.5 இருப்பவரை 9க்குக் கொண்டுவந்தால் ஏறாது, ஆனால் பிரசவத்தில் உயிருக்கு ஆபத்து இவருக்குத்தான் அதிகம். எனவே 11 கிராம் குறிகாட்டியைத் தனியாக விடக் கூடாது. "பிரசவ வலியோடு வந்து சேரும்போது ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இருந்தவர்கள்" என்பதைப் பக்கத்தில் வைக்க வேண்டும். இந்த எண் சிறியதாகத்தான் இருக்கும், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூட்டத்தில் பேச முடியும்.

அழுத்தம் கூடும்போது பதிவும் வளையும். பதிவேட்டில் உள்ள அளவுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். சரியாக 11.0 என்ற இடத்தில் குவியலும், 10.8, 10.9 என்ற இடத்தில் வெறுமையும் இருந்தால், அவை கருவி காட்டிய எண்கள் அல்ல. அதற்காகச் செவிலியரைத் திட்டினால் அடுத்த மாதம் அதே எண்கள் கொஞ்சம் பரவலாக எழுதப்பட்டு வரும், அவ்வளவுதான். சோதனைப் பட்டை தீர்ந்துபோயிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

திட்டத்தால்தான் மாறியதா?

மதிப்பீட்டில் முதல் பொறி, கடுமையான ரத்தசோகை உள்ளவர்களை மட்டும் எடுத்து முன், பின் ஒப்பிடுவது. ஒரு முறை அளந்ததில் மிகக் குறைவாக வந்தவர்களில் சிலருக்கு அந்த அளவே தற்செயலாகக் குறைவாகக் காட்டியிருக்கும். எதுவும் செய்யாமல் மறுபடி அளந்தாலும் சராசரி கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றத்தைத் திட்டத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

அதற்கு வழி, இன்னும் திட்டம் தொடங்காத, நிலைமை ஒத்த வட்டாரத்தையும் அதே வாரத்தில், அதே கருவியால் அளப்பது. எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் போக முடியாது என்பதால் திட்டத்தை எப்படியும் கட்டம் கட்டமாகத்தான் விரிப்பார்கள். இரண்டாம் கட்ட வட்டாரங்களை முதல் கட்டத்திலேயே அளந்து வைத்தால் ஒப்பீடு கிடைத்துவிடும். 45க்கும் 55க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிக்கையோடு காண ஒவ்வொரு பக்கமும் சுமார் 390 பேர் வேண்டும். கிராமம் கிராமமாகத் தேர்ந்தெடுத்தால், ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், அது இரு மடங்கும் ஆகலாம். 50 பேரை அளந்து "முன்னேற்றம்" என்று எழுதுவதில் பயனில்லை.

மாற்றம் வரவில்லை என்றால் உடனே திட்டம் தோற்றது என்று முடிவு கட்ட வேண்டாம். செயல்முறை எண்களைத் திருப்பிப் பாருங்கள். மாத்திரை வாய்க்கே போகவில்லை என்றால் நடைமுறை தவறியிருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் காரணம் இரும்புக் குறைபாடு மட்டுமாக இருக்காது. பி12 குறைபாடோ குடற்புழுவோ இருக்கலாம், நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோயாக இருக்கலாம். அங்கே இன்னும் அதிக மாத்திரை கொடுப்பது பதிலாகாது.

தாய்மார் இறப்பு விகிதத்தையே வட்டாரக் குறிகாட்டியாக வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டின் விகிதம் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54. ஆண்டுக்கு 2,000 பிறப்பு நடக்கும் வட்டாரத்தில் எதிர்பார்க்கக்கூடியது ஏறக்குறைய ஓர் இறப்பு. எதுவுமே மாறாவிட்டாலும், மூன்றில் ஓர் ஆண்டு சுழியாகவும், பத்தில் மூன்று ஆண்டுகள் இரண்டு அல்லது அதற்கு மேலாகவும் தற்செயலாகவே அமையும். இதை வைத்து ஒரு வட்டாரத்தைப் பாராட்டுவதும் இன்னொன்றைக் கண்டிப்பதும் நியாயமில்லை. அந்த விகிதம் மாநில அளவில் பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியது. வட்டாரத்தில் ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியாக ஆராய வேண்டும். கூடவே, ரத்தப்போக்கால் சாவின் விளிம்புவரை போய் மீண்டவர்களையும் எடுத்து, அவர்களின் எட்டாம் மாத ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது, அதைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்தார் என்று பதிவேட்டில் பின்னோக்கித் தேட வேண்டும்.